தொலைந்த கம்ப்ளெயின்ட் நம்பர்

"போன வருஷம் புயல் வந்துச்சே, அப்பவே உங்ககிட்ட சொல்லியாச்சும்மா. ஆள் வந்து பார்த்தாரு, கம்ப்ரஸரை மாத்தினாரு. வாரண்டி இருக்கு, மறுபடி ஏதாவது ஆச்சுன்னா கூப்பிடுங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. இப்ப மறுபடி கூலிங் இல்ல."

"கம்ப்ளெயின்ட் நம்பர் இருக்காம்மா?"

"அதையெல்லாம் யாரு எழுதி வச்சிருக்கா?"

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி விற்கும் நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவை மையத்தில் வேலை பார்க்கும் யாருக்கும் இந்த உரையாடல் பழக்கமானது. பழைய புகார் ஒன்று உண்டு என்று வாடிக்கையாளருக்கு நிச்சயமாகத் தெரியும். என்ன நடந்தது என்பதும் ஓரளவு தெரியும். பத்துப் பன்னிரண்டு இலக்கப் புகார் எண் மட்டும் கையில் இல்லை. எண் இல்லாமல் அந்தப் பழைய கதையைக் கணினிக்குள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அந்த வேலையில் நாள்தோறும் நடப்பவற்றை ஒரே அழைப்பாகக் கோத்துச் சொல்கிறேன். அழைப்பவர் வேளச்சேரியில் இருக்கும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. பெயர் லட்சுமி என்று வைத்துக்கொள்வோம். அழைப்பு வந்தது 2025 ஆகஸ்டில். எடுத்தவர் அந்த மையத்தில் மூன்று வருடம் அனுபவமுள்ள ஒரு பெண்.

அழைப்பு வந்ததுமே திரையில் வாடிக்கையாளரின் பக்கம் தானாகத் திறக்கும். எந்தக் கைபேசியிலிருந்து அழைக்கிறார்களோ, அந்த எண்ணை வைத்துத்தான் மென்பொருள் ஆளை அடையாளம் காண்கிறது. லட்சுமி அம்மாளின் எண்ணுக்கு வந்த பக்கம் காலியாக இருந்தது. பழைய புகார் எதுவும் இல்லை.

வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். "உங்க நம்பர்ல எந்தக் கம்ப்ளெயின்ட்டும் இல்லம்மா, புதுசா ஒண்ணு போட்டுடறேன்" என்று சொல்லிவிடுவது எளிது. முகவர் ஒவ்வொரு அழைப்புக்கும் சராசரியாக எத்தனை நிமிடம் எடுத்துக்கொள்கிறார் என்பதை நிர்வாகம் கணக்கிடுகிறது. தேடப் போனால் அந்தச் சராசரி ஏறும். புதுப் புகாரைப் பதிந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்தப் புதுப் புகார் ஒன்றும் தெரியாத குழந்தையாகப் பிறக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போகும் டெக்னீஷியனுக்கு முன்னால் எந்தப் பாகத்தை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள், பணம் வாங்கினார்களா என்பது எதுவும் தெரியாது. முதல் முறை வந்து பார்த்துவிட்டு, பாகத்தை எடுத்துவர மறுமுறை வருவார். வாடிக்கையாளர் நடந்த கதையை ஆரம்பத்திலிருந்து மறுபடி சொல்ல வேண்டும். முதல் அழைப்பில் மிச்சமான ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் ஒரு வாரம் கெட்டுப்போன பாலோடு காத்திருக்கிறார். இதைச் சிக்கனம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

நம் முகவர் புதுப் புகார் பதியவில்லை. "அப்போ ஃபோன் பண்ணினது யாரும்மா? நீங்களா, வீட்ல வேற யாராவதா?" என்று கேட்டார்.

"மாப்பிள்ளைதான் பண்ணினாரு."

நம் குடும்பங்களில் இது மிக இயல்பு. பொருள் ஒருவர் வீட்டில் இருக்கும், வாங்கியது மகனாக இருக்கும், புகார் செய்தது மருமகனாக இருக்கும். மென்பொருளோ கைபேசி எண்ணையும் ஆளையும் ஒன்றாகவே நினைக்கிறது. அதனால் ஒரே ஃபிரிட்ஜின் வரலாறு மூன்று பேரின் பக்கங்களில் சிதறிக் கிடக்கலாம். மாப்பிள்ளையின் எண்ணைப் போட்டதும் இரண்டு பதிவுகள் வந்தன. ஒன்று அவருடைய சொந்த வீட்டு ஏசி சர்வீஸ். இன்னொன்று ஃபிரிட்ஜ், வேளச்சேரி முகவரி. ஆனால் அதன் தேதி 2023 டிசம்பர் 7. அதாவது அம்மாள் சொன்ன "போன வருஷம்" இல்லை, அதற்கும் முந்தைய வருஷம். மேலும் அதன் நிலை "ரத்து". குறிப்பில் ஒரே வரி: `cust not reachable`.

இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முதலில் தேதி.

நடந்தது எப்போது என்று கேட்டால் மனிதர்கள் பெரும்பாலும் உண்மைத் தேதியைவிட நமக்கு நெருக்கமான தேதியைச் சொல்வார்கள். ஜான் நெட்டர், ஜோசப் வாக்ஸ்பெர்க் என்ற இரு அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர்கள் 1964இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. அவர்கள் ஆராய்ந்ததும் நம் விஷயத்துக்கு மிக அருகில் இருப்பதுதான்: வீட்டு மராமத்துக்கு எப்போது, எவ்வளவு செலவு செய்தீர்கள் என்று குடும்பங்களைக் கேட்டார்கள். கேட்ட காலத்துக்கு முன்பே செய்த செலவுகளையும் மக்கள் அந்தக் காலத்துக்குள் கொண்டுவந்து சொன்னார்கள். பெரிய செலவு மனதில் பளிச்சென்று இருப்பதால், அண்மையில் நடந்ததாகவே தோன்றுகிறது. அதனால் பழைய பதிவைத் தேடும் முகவர் "போன வருஷம்" என்பதை நாள்காட்டியில் அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. தேடும் கால எல்லையைப் பின்பக்கமாக நீட்ட வேண்டும்.

லட்சுமி அம்மாள் விஷயத்தில் இன்னொரு குழப்பமும் இருந்தது. சென்னைக்காரர்களுக்கு அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் புயல் வந்தது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கின. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, அன்றும் சென்னையில் பலத்த மழை. "புயல் வந்தப்போ" என்றால் எது? முகவர் ஆண்டைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மாள் அதே தவறான ஆண்டைத்தான் இன்னும் உறுதியாகச் சொல்லியிருப்பார்.

"அந்த ரிப்பேர் நடந்தது எம்.பி. எலக்ஷனுக்கு முன்னாலயா, பின்னாலயாம்மா?"

"முன்னாலதான். வெள்ளத்துல வோட்டர் ஐடி நனைஞ்சு போச்சு, வேற வாங்கித்தான் ஓட்டுப் போட்டேன்."

தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நடந்தது 2024 ஏப்ரல் 19. ஆக, ரிப்பேர் நடந்தது மிக்ஜாமுக்குப் பிறகுதான். தேதியாகக் கேட்டால் வராத விடை, வாழ்க்கையில் நடந்த வேறொன்றோடு சேர்த்துக் கேட்டால் வந்துவிடுகிறது. பேரன் பள்ளியில் சேர்ந்ததற்கு முன்பா, வீடு மாறிய பிறகா, எந்தத் தீபாவளி என்று கேட்பதெல்லாம் இந்த வகைதான். அனுபவமுள்ள முகவர்கள் இதை யாரும் கற்றுத்தராமலே செய்கிறார்கள்.

இனி அந்த ரத்து. மாப்பிள்ளையின் பெயரில் இருந்த புகார் ரத்தாகியிருந்தது. வெள்ள நாள்களில் மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரங்கள் பல வேலை செய்யவில்லை. டெக்னீஷியன் அழைத்திருப்பார், எடுத்திருக்க மாட்டார்கள், சில முறை முயன்றுவிட்டு மூடியிருப்பார்கள். திரையை மட்டும் நம்பினால் இங்கே ஒரு பெரிய தவறு நேரும். "உங்க கம்ப்ளெயின்ட் கேன்சல் ஆயிருக்கும்மா, யாரும் வந்து எதையும் மாத்தல" என்று முகவர் சொல்லிவிடலாம். வீட்டுக்கு ஆள் வந்து, பின்பக்கத்தைக் கழற்றி, பணமும் வாங்கிப் போனதைக் கண்ணால் பார்த்தவரிடம் அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்!

ஒரு பதிவு கிடைத்துவிட்டது என்பதற்காக வரலாறு கிடைத்துவிட்டதாக ஆகாது. வாடிக்கையாளர் "ஒரு கம்ப்ளெயின்ட்" என்று நினைவில் வைத்திருப்பது கணினியில் மூன்று நான்கு புகார்களாக இருக்கலாம்: ரத்தானது ஒன்று, பாகத்துக்காகக் காத்திருந்தபோது மூடப்பட்டது ஒன்று, கடைசியில் வேலை முடிந்தது ஒன்று. முதலில் கிடைத்ததோடு நிற்பவர் பாதிக் கதையை முழுக் கதையாகப் படிக்கிறார். சொல்பவரின் கதைக்கும் பதிவுக்கும் முரண் வந்தால், வேறொரு பதிவு இருக்க வேண்டும் என்று எண்ணித் தேடுவதே சரி. வாடிக்கையாளர் பொய் சொல்கிறார் என்ற முடிவுக்கு வர அதன் பிறகு நிறைய நேரம் இருக்கிறது.

அடுத்து பெயரை வைத்துத் தேடினார். வேளச்சேரியின் பின்கோடு 600042, ஃபிரிட்ஜ், 2023 டிசம்பர் முதல் 2024 ஜனவரி வரை என்று வரம்பு வைத்ததும் பட்டியல் மிக நீளமாக வந்தது. புயலை வைத்துக் காலத்தைக் குறிப்பது நினைவுக்கு எவ்வளவு உதவியதோ, தேடலுக்கு அவ்வளவு உதவவில்லை. அந்தப் புயல் அந்தப் பகுதியில் எல்லோருடைய ஃபிரிட்ஜையும் நனைத்திருந்தது. அந்தப் பட்டியலில் `Lakshmi` என்று போட்டுத் தேடினால் சிலர் வந்தார்கள், முகவரி யாருக்கும் பொருந்தவில்லை. `Laxmi` என்று போட்டாலும் அதே கதை.

தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவதற்கு ஒரே முறை கிடையாது. பதிபவர் காதில் விழுந்தபடி எழுதுகிறார். இந்தச் சிக்கலுக்காகவே ஒலியை வைத்துப் பெயர் தேடும் முறைகள் உண்டு. அவற்றில் மூத்தது சவுண்டெக்ஸ். அதற்கு அமெரிக்காவில் 1918இலேயே காப்புரிமை கிடைத்தது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்து, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, ஒலியில் நெருங்கிய மெய்களுக்கு ஒரே எண்ணைக் கொடுக்கும். `Lakshmi`க்கு அது தரும் குறியீடு `L250`. `Laxmi`க்கும் அதே `L250`. ஆக, ஒன்றைத் தேடினால் மற்றதும் வந்துவிடும். ஆனால் `Letchumi` என்று எழுதினால் `L325`. அது வேறு ஆளாகிவிடுகிறது. ஆங்கிலக் குடும்பப் பெயர்களுக்காகச் செய்யப்பட்ட கருவி லெட்சுமியை லட்சுமியாகக் காணத் தெரியாமல் நிற்கிறது. இங்கே தமிழ் தெரிந்த முகவரின் காதுதான் உதவும். ஆனால் எத்தனை எழுத்துக்கூட்டலைத்தான் போட்டுப் பார்ப்பது? நம் முகவர் வேறு வழிக்குப் போனார்.

புகார் எண் மறந்துபோகும், கைபேசி மாறும், பெயரின் எழுத்து மாறும், வீடும் மாறலாம். பொருளின் சீரியல் நம்பர் மாறாது. ஃபிரிட்ஜில் அது உள்பக்கச் சுவரில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும், பெரும்பாலும் காய்கறி டிரேயை இழுத்தால் தெரியும். முகவர் அதைப் படிக்கச் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். தொலைபேசியில் படித்தால் `B`யும் `D`யும் ஒன்றாகக் கேட்கும். கண்ணாடி போடாமல் படித்தால் `8`ம் `B`யும் ஒன்றாகத் தெரியும். படத்துக்கு இந்தச் சந்தேகம் இல்லை. "கொஞ்ச நேரம் ஆகும்மா, லைன்ல நிக்க வேண்டாம். நாலு மணிக்குள்ள நானே கூப்பிடறேன்" என்றார். இது சின்ன விஷயம் இல்லை. வாடிக்கையாளரைப் பாட்டுக் கேட்க வைத்துவிட்டுத் தேடினால், அவசரத்தில் முதல் பதிவோடு நிறுத்தத்தான் தோன்றும்.

முழு எண்ணைப் போட்டபோது ஒன்றும் வரவில்லை. கடைசி ஆறு இலக்கங்களை மட்டும் போட்டபோது ஒரு பதிவு வந்தது. அதில் சீரியல் எண்ணின் நடுவே சுழியம் இருக்க வேண்டிய இடத்தில் `O` என்ற எழுத்து இருந்தது. முன்பு வந்தவர் ஈரமும் சேறுமான சமையலறையில் நின்று கைபேசியில் அதைத் தட்டியிருக்கிறார். தேடும் மென்பொருளுக்கு ஓர் எழுத்து மாறினாலும் வேறு பொருள்தான். எல்லா மென்பொருளிலும் இப்படிக் கடைசிப் பகுதியை வைத்துத் தேட முடியாது. முன்பகுதியை வைத்துத்தான் தேட முடியும் என்றால், இதே வேலையை மாடல் பெயரும் பின்கோடும் வைத்துக் கையால் செய்ய வேண்டியிருக்கும்.

கிடைத்த பதிவின் தேதி 2023 டிசம்பர் 18. பெயர் `LETCHUMI`. கைபேசி எண் ஃபிரிட்ஜ் விற்ற கடையுடையது. கடைக்காரர் தன் எண்ணிலேயே புகார் பதிந்திருக்கிறார், அதனால்தான் அம்மாளின் எண்ணிலோ மாப்பிள்ளையின் எண்ணிலோ அது வரவில்லை. குறிப்பு இப்படி இருந்தது:

```
flood water. PCB rplcd, chrgd. comp ok
```

"கூலிங்" என்றோ "கம்ப்ரஸர்" என்றோ தேடியிருந்தால் இந்தப் பதிவு சிக்கியிருக்காது. வாடிக்கையாளர் பேசும் சொல் வேறு, டெக்னீஷியன் அவசரத்தில் தட்டும் சுருக்கம் வேறு. பல பதிவுகளில் இந்த ஒரு வரி கூட இருக்காது, "வேலை முடிந்தது" என்பதோடு சரி. அப்போது சுற்றி வர வேண்டும்: கிடங்கிலிருந்து எந்தப் பாகம் எந்தப் புகாருக்காக எடுக்கப்பட்டது, எவ்வளவு பணம் ரசீது போடப்பட்டது என்ற பதிவுகள் வேறு இடத்தில் இருக்கும். அவை பேசும்.

இந்தப் பதிவு லட்சுமி அம்மாளுடையதுதானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். அதே தெருவில் இன்னொரு லட்சுமி, அதே மாடல் ஃபிரிட்ஜ் இருக்கக் கூடாதா? வேறொருவருடைய முகவரியையும் எண்ணையும் இவரிடம் படித்துக் காட்டினால் அது பெரிய பிழை. இங்கே சீரியல் எண் படத்தோடு ஏறக்குறைய பொருந்துகிறது, ஓர் எழுத்துதான் இடிக்கிறது. முகவர் மறுபடி அழைத்தபோது பதிவில் இருந்ததை முதலில் சொல்லவில்லை. "பிசிபி மாத்தினாங்களாம்மா?" என்று கேட்டால் அம்மாள் ஆமாம் என்பார், அந்த ஆமாமுக்கு மதிப்பில்லை. "எத்தனை ரூபா கொடுத்தீங்க? யாரு சொல்லி வந்தாங்க?" என்று கேட்டார். தொகையை அம்மாள் முந்நூறு ரூபாய் கூடுதலாகச் சொன்னார். ஆனால், "கடைக்காரர்கிட்ட மாப்பிள்ளை நேர்ல போய்ச் சண்டை போட்டாரு, அப்புறம்தான் ஆள் வந்துச்சு" என்றார். சீரியல் எண், கடை, காலம் மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தனித்தனியே பொருந்தின. போதும்.

ஆக, அம்மாள் சொன்னதில் எது சரி, எது தவறு? ஆள் வந்தது உண்மை, பாகம் மாற்றியது உண்மை. மாற்றியது கம்ப்ரஸர் இல்லை, அதை இயக்கும் மின்னணுப் பலகையான பிசிபி. வாரண்டி என்று சொன்னதும் பொய்யில்லை. பல நிறுவனங்கள் கம்ப்ரஸருக்குப் பத்து வருட வாரண்டி தருகின்றன. "கம்ப்ரஸர் நல்லாருக்கு, அதுக்கு வாரண்டி இருக்கு" என்று அந்த டெக்னீஷியன் சொல்லியிருப்பார். ஒன்றரை வருடத்தில் அந்த இரண்டு வாக்கியங்களும் அம்மாள் மனதில் ஒன்றாகிவிட்டன. வெள்ளத்தால் கெட்டதற்கு வாரண்டி பொருந்தாது, அதனால்தான் பலகைக்குப் பணம் வாங்கினார்கள். மாற்றிய பலகைக்கு அந்த நிறுவனம் தரும் 90 நாள் உத்தரவாதமும் எப்போதோ முடிந்துவிட்டது.

முகவர் இதை மறைக்கவில்லை. "கம்ப்ரஸர் மாத்தலம்மா, போர்டுதான் மாத்தியிருக்காங்க. கம்ப்ரஸருக்கு இன்னும் வாரண்டி இருக்கு. இப்போ அதுதான் போயிருந்தா அந்தப் பாகத்துக்குப் பணம் இல்ல, கேஸ் நிரப்பவும் வேலைக்கும் மட்டும் ஆகும். மறுபடி போர்டா இருந்தா போர்டுக்கும் பணம் கொடுக்கணும்" என்றார். அம்மாளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் தேதியோடும் பாகத்தின் பெயரோடும் சொன்னதால், தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று அவர் நினைக்கவில்லை. வாடிக்கையாளர் கேட்டது கிடைக்காத இடத்திலும் வரலாற்றைத் தேடுவதற்குப் பயன் உண்டு என்று நான் நம்புவது இதனால்தான்.

பழைய புகார்கள் மூடப்பட்டவை. மூடி நாளான புகாரைப் பல மென்பொருள்கள் மறுபடி திறக்க விடுவதில்லை. உலகெங்கும் பயன்படும் ஜென்டெஸ்க் மென்பொருளில் "தீர்ந்தது" என்ற நிலையில் இருப்பதை மறுபடி திறக்கலாம், "மூடியது" என்ற நிலைக்குப் போனபின் முடியாது, அதன் தொடர்ச்சியாகப் புதிதாக ஒன்றைத்தான் தொடங்க வேண்டும். மூடி 120 நாள் கடந்தவை வழக்கமான பட்டியல்களிலிருந்தும் மறைந்து காப்பகத்துக்குப் போய்விடும், ஆனால் தேடினால் கிடைக்கும். பட்டியலில் காணவில்லை என்பதால் பதிவே இல்லை என்று முடிவுகட்டும் புதிய முகவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

முகவர் புதுப் புகார் ஒன்றை லட்சுமி அம்மாளின் எண்ணிலேயே பதிந்தார். பழைய இரண்டு புகார் எண்களையும் அதில் எழுதினார். சீரியல் எண்ணைத் திருத்தினார். மூவரின் பக்கங்களையும் ஒன்றாக இணைக்கும் வசதி திரையில் இருந்தும் அதைத் தொடவில்லை. இணைத்தால் மாப்பிள்ளையின் ஏசியும் கடைக்காரரின் நூறு புகார்களும் அம்மாளின் பக்கத்துக்கு வந்துவிடும், பல மென்பொருள்களில் அதைப் பிறகு பிரிக்கவும் முடியாது. பெயரை `Lakshmi` என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் `Letchumi` என்றும் சேர்த்தார். குறிப்பில் சுருக்கம் எதுவும் இல்லாமல், வெள்ளத்தில் பின்புறம் நனைந்தது, 2023 டிசம்பரில் பலகை மாற்றியது, அப்போது கம்ப்ரஸர் நன்றாக இருந்தது, இப்போது குளிரவில்லை, விளக்கு எரிகிறது, பலகையோடு போகவும் என்று எழுதினார்.

"இப்போ ஒரு எஸ்எம்எஸ் வரும்மா, அதை மட்டும் அழிச்சிடாதீங்க" என்றார். பழைய செய்தியும் மாப்பிள்ளையின் கைபேசியில் இன்னும் இருக்கக்கூடும். நிறுவனங்கள் அனுப்பும் இத்தகைய குறுஞ்செய்தி பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்கான சுருக்கப் பெயரிலிருந்துதான் வரும், கைபேசியின் செய்திப் பெட்டியில் அந்தப் பெயரைத் தேடினாலே புகார் எண் வந்து நிற்கும். முதலிலேயே இதைக் கேட்டிருக்கலாமே என்றால், கேட்கலாம். ஆனால் இங்கே மாப்பிள்ளையின் கைபேசியில் கிடைத்திருக்கக்கூடியது அந்த ரத்தான புகாரின் எண் மட்டும்தான்.

மறுநாள் டெக்னீஷியன் பலகையை எடுத்துக்கொண்டே வந்தார். கெட்டிருந்தது பலகைதான், அதன் இணைப்பு முனைகளில் வெள்ளத்தின் துரு மிச்சம் இருந்தது. துருவைச் சுத்தம் செய்து, பலகையை மாற்றி, பணம் வாங்கி, ஒரே வருகையில் வேலையை முடித்தார். பதிவின் கடைசியில் துரு இருந்த இணைப்பு எது என்பதையும் எழுதி வைத்துவிட்டுப் போனார்.